தவறான பத்தியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

“எவரெஸ்ட் உச்சியை முதலில் எட்டியவர்கள் யார்?” இந்தக் கேள்வியைக் கணினியிடம் கொடுத்து, விக்கிப்பீடியா முழுவதையும் அதன் முன்னால் வைக்கிறோம் என்று கொள்வோம். விடை உள்ளே எங்கோ ஒரு பத்தியில் இருக்கிறது. அந்தப் பத்தி இப்படி எழுதப்பட்டிருக்கலாம்: “1953 மே 29 அன்று முற்பகல் 11.30 மணிக்கு எட்மண்ட் ஹிலாரியும் டென்சிங் நார்கேயும் உலகின் மிக உயரமான இடத்தில் நின்றார்கள்.” படிக்கும் மனிதருக்கு இதுதான் விடை என்று உடனே தெரியும். ஆனால் கேள்வியில் இருக்கும் ‘எவரெஸ்ட்’, ‘உச்சி’, ‘முதலில்’ ஆகிய மூன்று சொற்களில் ஒன்றுகூட இந்தப் பத்தியில் இல்லை.

சொல்லுக்குச் சொல் பொருத்திப் பார்க்கும் தேடுபொறி இங்கே தடுமாறும். அப்படிப்பட்ட தேடல் முறைகளில் மிகவும் பெயர்பெற்றது 1990களில் லண்டனில் ஸ்டீபன் ராபர்ட்சனும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய பிஎம்25. கேள்வியில் உள்ள சொற்கள் ஒரு பத்தியில் எத்தனை முறை வருகின்றன, அந்தச் சொற்கள் மொத்தத் தொகுப்பில் எவ்வளவு அரிதானவை, பத்தி எவ்வளவு நீளமானது என்பவற்றைக் கணக்கிட்டு அது மதிப்பெண் போடும். எளிமையான கணக்குதான். ஆனாலும் இன்றுவரை அதை யாரும் ஓரங்கட்டிவிட முடியவில்லை. அதன் குறை ஒன்றுதான். சொல் மாறினால் அதற்கு ஒன்றும் தெரியாது.

இந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் ‘டென்ஸ் ரிட்ரீவர்’ என்னும் தேடல் முறை. கேள்வியையும் பத்தியையும் எண்களின் வரிசையாக மாற்றி, அந்த எண்களை ஒப்பிட்டுத் தேடுவது இதன் அடிப்படை. 2020இல் விளாடிமிர் கர்புகினும் அவருடன் பணியாற்றியவர்களும் ஃபேஸ்புக்கின் ஆய்வுப் பிரிவிலிருந்து வெளியிட்ட டிபிஆர் என்ற அமைப்பு இந்தத் துறையின் போக்கையே மாற்றியது. ஆங்கில விக்கிப்பீடியாவை 100 சொற்கள் கொண்ட துண்டுகளாக வெட்டினார்கள். சுமார் 2.1 கோடி பத்திகள் கிடைத்தன. ஒவ்வொரு பத்தியையும் பெர்ட் என்ற மொழி மாதிரி படித்து 768 எண்கள் கொண்ட ஒரு வெக்டராக மாற்றியது. கேள்வியைப் படித்து மாற்றுவதற்கு இன்னொரு பெர்ட். கேள்வியின் வெக்டரையும் பத்தியின் வெக்டரையும் எண்ணுக்கு எண் பெருக்கிக் கூட்டினால் ஒரே ஒரு மதிப்பெண் வரும். அது எவ்வளவு பெரியதோ, அந்தப் பத்தி அந்தக் கேள்விக்கு அவ்வளவு பொருத்தமானது என்று கணக்கு.

இதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. 2.1 கோடிப் பத்திகளையும் முன்கூட்டியே ஒருமுறை வெக்டராக்கிச் சேமித்து வைத்துவிடலாம். கேள்வி வந்ததும் கேள்வியை மட்டும் மாற்றி, அதற்கு நெருங்கிய வெக்டர்களைத் தேடினால் போதும். அதற்கான மென்பொருளும் ஏற்கெனவே இருந்தது.

ஆனால் பெர்ட்டை அப்படியே எடுத்து வந்து இந்த வேலையில் உட்கார வைத்தால் முடிவுகள் மோசமாக இருக்கும். ஒரு கேள்வியும் அதன் விடைப் பத்தியும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதைச் சொல்லித் தரும் முறைக்குத்தான் ‘கான்ட்ராஸ்டிவ் லேர்னிங்’ என்று பெயர். ஒரு கேள்வியைக் காட்டு. அதற்குரிய சரியான பத்தியைக் காட்டு. கூடவே சில தவறான பத்திகளையும் காட்டு. சரியானதன் மதிப்பெண் ஏற வேண்டும், மற்றவற்றின் மதிப்பெண் இறங்க வேண்டும். பல ஆயிரம் கேள்விகளுக்கு இதைத் திரும்பத் திரும்பச் செய்தால் வெக்டர்கள் மெல்ல மெல்ல இடம் மாறி ஒழுங்காகும்.

சரியான பத்தி எது என்பது தரவிலேயே குறிக்கப்பட்டிருக்கும். தவறான பத்தி எது என்பதை யார் முடிவு செய்வது? இந்தத் துறையில் கடந்த சில ஆண்டுகளில் நடந்த வேலையில் பெரும்பகுதி இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் என்பது என் கருத்து. மாதிரி பெரிதாக இருக்கிறதா, கணினி வேகமாக இருக்கிறதா என்பதைவிட, எந்தத் தவறுகளை அதற்குக் காட்டினோம் என்பதே பல நேரங்களில் முடிவைத் தீர்மானிக்கிறது.

முதலில் தோன்றும் வழி, 2.1 கோடிப் பத்திகளில் ஏதாவது சிலவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பது. எவரெஸ்ட் கேள்விக்கு நைல் நதி முதலை பற்றி ஒன்று, பீத்தோவனின் சிம்பொனி பற்றி ஒன்று, ஏதோ ஓர் ஊரின் ரயில் நிலையம் பற்றி ஒன்று என்று வரும். எல்லாமே தவறான பத்திகள்தான், சந்தேகமில்லை. ஆனால் இவற்றால் மாதிரி எவ்வளவு கற்றுக்கொள்ளும்? அதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

ஓரளவு பயிற்சி பெற்ற மாதிரி, ஹிலாரி-டென்சிங் பத்திக்கு 8 மதிப்பெண் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலைக்கு 1, பீத்தோவனுக்கு 0, ரயில் நிலையத்துக்கு மைனஸ் 1. பயிற்சியின்போது இந்த மதிப்பெண்கள் e என்ற எண்ணின் அடுக்குகளாக மாற்றப்பட்டு, எல்லாம் சேர்ந்து 1 வரும்படி பங்கு பிரிக்கப்படும். e-யின் 8ஆம் அடுக்கு சுமார் 2981. முதலையின் பங்கு வெறும் 2.7, பீத்தோவனுக்கு 1, ரயில் நிலையத்துக்கு 0.4. ஆக, சரியான பத்தியின் பங்கு 0.9986. கிட்டத்தட்ட முழுமை. இந்தப் பங்கின் மடக்கையிலிருந்து கணக்கிடும் ‘இழப்பு’ 0.0014 மட்டுமே. மாதிரியைப் பொறுத்தவரை இது தேர்ச்சி பெற்ற பாடம், திருத்திக்கொள்ள ஒன்றுமில்லை.

இப்போது நான்காவதாக ஒரு பத்தியைச் சேர்ப்போம். “1975இல் எவரெஸ்ட் உச்சியை எட்டிய முதல் பெண் ஜப்பானைச் சேர்ந்த ஜுன்கோ தாபெய்.” எவரெஸ்ட், உச்சி, முதல், எட்டிய என எல்லாச் சொற்களும் இதில் இருக்கின்றன. ஆனால் கேட்ட கேள்விக்கு இது விடை இல்லை. மாதிரி இதற்கு 7.5 கொடுக்கிறது. e-யின் 7.5ஆம் அடுக்கு சுமார் 1808. சரியான பத்தியின் பங்கு ஒரே அடியில் 0.9986இலிருந்து 0.62ஆக விழுகிறது. இழப்பு 0.475. முன்பிருந்ததைவிட முந்நூறு மடங்குக்கும் மேல்.

இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தக் கணக்கில், தவறான ஒவ்வொரு பத்தியும் எவ்வளவு அழுத்தமாகக் கீழே தள்ளப்படும் என்பது அதன் பங்கைப் பொறுத்தது. தாபெய் பத்தியின் பங்கு 0.38. முதலையின் பங்கு 0.0006. திருத்தம் முழுவதும் ஏறக்குறைய தாபெய் பத்தியின் மேல்தான் விழுகிறது. ‘எவரெஸ்ட் பற்றிய பத்தி’ என்பதற்கும் ‘இந்தக் கேள்விக்கு விடை சொல்லும் பத்தி’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை மாதிரி கற்றுக்கொள்வது இந்த இடத்தில்தான். இப்படி விடைபோலவே தோற்றம் காட்டி ஏமாற்றும் பத்திக்கு ‘ஹார்டு நெகட்டிவ்’ என்று பெயர்.

போட்டித் தேர்வுக்கு வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கு இது பழக்கமான விஷயம். நான்கு விடைகளில் மூன்று சம்பந்தமே இல்லாமல் இருந்தால், படிக்காதவரும் சரியானதைக் குறித்துவிடுவார். பாதி படித்தவர் தடுமாறும்படி ஒரு விடையாவது இருந்தால்தான் அந்த வினா எதையாவது சோதிக்கும்.

டிபிஆர் குழுவினர் இதை எப்படிச் செய்தார்கள் என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். 128 கேள்விகளை ஒரு கட்டாக எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் அதற்குரிய சரியான பத்தி ஒன்று உண்டு. ஒரு கேள்வியின் சரியான பத்தி, மற்ற 127 கேள்விகளுக்கும் தவறான பத்தி ஆகிவிடுகிறது. தனியாகத் தவறுகளைத் தேடிப் போக வேண்டியதில்லை. 128 கேள்விகளையும் 128 பத்திகளையும் ஒருமுறை வெக்டராக்கினால், 128 தரம் 128 என்று 16,384 மதிப்பெண்கள் ஒரே பெருக்கலில் கிடைத்துவிடும். கணினியின் உழைப்பை மிச்சப்படுத்துவதில் இது அருமையான உத்தி. கட்டு பெரிதாகப் பெரிதாகத் தவறுகளின் எண்ணிக்கையும் கூடும், தேடலும் மேம்படும்.

ஆனால் அந்த 127உம் பெரும்பாலும் முதலை, பீத்தோவன் வகைதான். எனவே ஒவ்வொரு கேள்விக்கும் ஒரே ஒரு ஹார்டு நெகட்டிவைச் சேர்த்தார்கள். அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தது பழைய பிஎம்25. கேள்வியை அதனிடம் கொடுத்து, அது மேலே கொண்டுவரும் பத்திகளில் விடைச் சொல் இல்லாத ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். சொற்கள் பொருந்துகின்றன, விடை இல்லை. தாபெய் பத்திதான் அது. எந்த முறையை முந்த வேண்டும் என்று புறப்பட்டார்களோ, அந்த முறையின் தவறுகளையே பாடப்புத்தகமாக்கினார்கள் என்பது எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்த இடம்.

விளைவு என்ன? கூகுளில் மக்கள் உண்மையாகவே கேட்ட கேள்விகளைக் கொண்ட ‘நேச்சுரல் கொஸ்டின்ஸ்’ என்ற தொகுப்பில் சோதித்தார்கள். 32 கேள்விகள் கொண்ட கட்டில், மற்றக் கேள்விகளின் பத்திகளை மட்டும் தவறுகளாகக் காட்டிப் பயிற்சி தந்தபோது, 100 கேள்விகளில் சுமார் 52 கேள்விகளுக்கு விடைப் பத்தி முதல் 5 இடங்களுக்குள் வந்தது. அதே கட்டில் கேள்விக்கு ஒரு பிஎம்25 பத்தி சேர்த்ததும் அது 65 ஆனது. கட்டை நான்கு மடங்காக, 128 கேள்விகளாகப் பெருக்கினாலும், ஹார்டு நெகட்டிவ் இல்லாமல் எட்ட முடிந்தது சுமார் 56தான். ஒரு நல்ல தவறு, நான்கு மடங்கு சாதாரணத் தவறுகளைவிட அதிகம் கற்றுத் தந்திருக்கிறது.

அப்படியானால் எல்லாத் தவறுகளையும் கடினமானவையாகவே காட்டிவிடலாமே என்று தோன்றும். அதையும் அவர்கள் சோதித்தார்கள். கேள்விக்கு 7 தவறுகள் என்று வைத்து, ஏழையும் பிஎம்25இடமிருந்தே எடுத்தபோது, முதல் 5 இடங்களுக்கான கணக்கு மட்டும் கொஞ்சம் ஏறியது. முதல் 100 இடங்களுக்கான கணக்கு, ஏழையும் குத்துமதிப்பாக எடுத்ததைவிடக் குறைந்தே போனது. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். எவரெஸ்ட் கேள்விக்கு எவரெஸ்ட் பத்திகளை மட்டுமே தவறு என்று காட்டினால், முதலைப் பத்தி தூரத்தில் இருக்க வேண்டும் என்பதை மாதிரி எங்கே கற்கும்? தேடும்போது அது 2.1 கோடிப் பத்திகளோடும் போட்டியிட வேண்டும். தூரத்துத் தவறுகளும் வேண்டும், பக்கத்துத் தவறுகளும் வேண்டும். கேள்விக்கு இரண்டு பிஎம்25 பத்திகளைச் சேர்த்தபோது ஒன்றைச் சேர்த்ததைவிடப் பலன் கூடவில்லை.

பிஎம்25 கொடுக்கும் தவறுகளுக்கும் ஓர் எல்லை உண்டு. அவை பிஎம்25ஐ ஏமாற்றும் பத்திகள். பயிற்சி பெற்ற மாதிரியை ஏமாற்றும் பத்திகள் வேறாக இருக்கும். சொல் பொருத்தத்தை நம்பாமல் இருக்க அது கற்றுக்கொண்டுவிட்டது. இப்போது அது தடுக்கி விழுவது பொருள் நெருக்கத்தில். அதே 2020இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆன்ஸ் என்ற முறை இதற்கொரு வழி சொன்னது. பயிற்சியின் நடுவிலேயே, மாதிரி இப்போது இருக்கும் நிலையில் அதையே முழுத் தொகுப்பிலும் தேட விடுங்கள். அது மேலே கொண்டுவரும் தவறான பத்திகளையே அடுத்த பாடமாக்குங்கள். மாதிரி மாற மாற, அதன் தவறுகளும் மாறும், பாடமும் மாறும்.

சொல்வதற்கு எளிது, செய்வதற்குச் செலவு அதிகம். மாதிரி மாறினால் பழைய வெக்டர்கள் எல்லாம் காலாவதி. பல லட்சம், கோடிப் பத்திகளை மறுபடியும் வெக்டராக்க வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் அதைச் செய்ய முடியாது. எனவே ஒருபுறம் பயிற்சி ஓடிக்கொண்டிருக்க, இன்னொருபுறம் வேறு கணினிகள் அவ்வப்போது கிடைக்கும் மாதிரியை எடுத்துக்கொண்டு பத்திகளைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும்படி அமைத்தார்கள். கிடைக்கும் தவறுகள் சற்றுப் பழையவையாக இருக்கும். ஆனாலும் பயன் தரும்.

இவ்வளவு தூரம் வந்த பிறகுதான் உண்மையான சிக்கல் வெளிப்பட்டது.

மாதிரி தேடிக் கொண்டுவந்த ‘தவறுகள்’ உண்மையிலேயே தவறுகள்தானா?

எவரெஸ்ட் கேள்விக்கே திரும்பலாம். நம் தரவில் சரி என்று குறிக்கப்பட்டிருப்பது ஒரே ஒரு பத்தி. ஆனால் விக்கிப்பீடியாவில் டென்சிங்கின் வாழ்க்கைக் கட்டுரை இருக்கிறது, ஹிலாரியின் கட்டுரை இருக்கிறது, 1953 பயணத்தைப் பற்றித் தனிக் கட்டுரை இருக்கிறது. எல்லாவற்றிலும் விடை இருக்கிறது. மாதிரி நன்றாகக் கற்றிருந்தால் இவற்றைத்தான் மேலே கொண்டுவரும். நாமோ, குறிக்கப்படாதது எல்லாம் தவறு என்ற விதியின்படி, டென்சிங்கின் வாழ்க்கைக் கட்டுரையைத் தவறு என்று அதனிடம் சொல்கிறோம். முன்பு போட்ட கணக்கில் தாபெய் பத்தி இருந்த இடத்தில் இப்போது டென்சிங் பத்தி. அதே 0.38 அழுத்தம், இம்முறை முற்றிலும் தவறான திசையில். முதலைப் பத்தியைத் தவறாகக் குறித்திருந்தால் அழுத்தம் 0.0006தான், பெரிய சேதம் இருந்திருக்காது. எந்தப் பெருக்கம் ஹார்டு நெகட்டிவுக்கு வலிமை தந்ததோ, அதே பெருக்கம் அதில் புகுந்த பிழையையும் பெரிதாக்குகிறது. வினாத்தாளில் இரண்டு சரியான விடைகளை வைத்துவிட்டு, விடைக்குறிப்பில் ஒன்றை மட்டும் சரி என்று போட்டால், நன்றாகப் படித்தவர்தான் மதிப்பெண் இழப்பார்.

இது எவ்வளவு பரவலானது என்பதைப் பைடு நிறுவனத்தின் ராக்கெட்கியூஏ ஆய்வு காட்டியது. அவர்கள் பயன்படுத்திய தொகுப்பு மைக்ரோசாஃப்டின் எம்எஸ் மார்கோ. பிங் தேடுபொறியில் மக்கள் தட்டிய கேள்விகளும், சுமார் 88 லட்சம் பத்திகளும் கொண்டது. அது உருவான விதத்திலேயே இந்தச் சிக்கல் ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு கேள்விக்கும் தேடுபொறி எடுத்துக் கொடுத்த ஏறத்தாழ பத்துப் பத்திகளை மனிதர்கள் படித்து, விடை இருப்பதைக் குறித்தார்கள். பெரும்பாலான கேள்விகளுக்கு ஒரே ஒரு பத்திதான் குறிக்கப்பட்டது. மீதமுள்ள 88 லட்சத்தை அந்தக் கேள்விக்காக யாரும் படிக்கவில்லை, படிக்கவும் முடியாது. ஆனால் பயிற்சிக்கு வரும்போது, படிக்காதது எல்லாம் தவறு என்று ஆகிவிட்டது.

பைடு ஆய்வாளர்கள், மாதிரி மேலே கொண்டுவந்த, ஆனால் சரி என்று குறிக்கப்படாத பத்திகளைக் கையில் எடுத்துப் படித்துப் பார்த்தார்கள். அவற்றில் சுமார் 70 சதவீதம் உண்மையில் சரியானவை அல்லது மிகவும் பொருத்தமானவை. பத்துக்கு ஏழு. இந்த எண்ணை முதல்முறை படிக்கிற யாருக்கும், அதுவரை ‘கடினமான தவறுகள்’ என்று நம்பியதையெல்லாம் மறுபடியும் திறந்து பார்க்கத் தோன்றும்.

சோதனை முடிவுகளும் அதையே சொல்லின. சரியான பத்தி எத்தனையாவது இடத்தில் வருகிறது என்பதை வைத்து அளக்கும் ஓர் அளவுகோலில், சாதாரணத் தவறுகளை மட்டும் காட்டிப் பயிற்சி பெற்ற அவர்களுடைய மாதிரி 100க்குச் சுமார் 33 எடுத்தது. தன்னிச்சையாக எடுத்த ஹார்டு நெகட்டிவ்களைச் சேர்த்ததும் அது 26ஆக இறங்கியது. ஏற வேண்டியது இறங்கிவிட்டது. பிறகு அதே ஹார்டு நெகட்டிவ்களைச் சலித்து, உண்மையிலேயே தவறானவற்றை மட்டும் வைத்துக்கொண்டு பயிற்சி தந்தபோது 36ஐத் தாண்டியது. கரடுமுரடான தவறுகள் கெடுத்தன. சலித்த தவறுகள் உயர்த்தின. இடையில் மாதிரி மாறவில்லை.

சலித்தது எப்படி? இன்னொரு மாதிரியை நடுவராக வைத்தார்கள். டென்ஸ் ரிட்ரீவர் கேள்வியையும் பத்தியையும் தனித்தனியாகப் படிக்கிறது. வேகத்துக்காகச் செய்துகொண்ட சமரசம் அது. நடுவர் மாதிரியோ கேள்வியையும் பத்தியையும் ஒன்றாகச் சேர்த்து, சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டுப் படிக்கும். ‘கிராஸ் என்கோடர்’ என்பது அதன் பெயர். கோடிப் பத்திகளுக்கு அதைப் பயன்படுத்தினால் ஒரு கேள்விக்கு விடை தேடவே நாள் போய்விடும். ஆனால் முன்பே தேர்ந்தெடுத்து வைத்த சில பத்திகளைச் சரிபார்க்க அது போதும். அது 0.1க்குக் கீழே மதிப்பெண் கொடுத்த பத்திகளை மட்டுமே தவறு என்று ஏற்றுக்கொண்டார்கள். நடுவில் வரும், சந்தேகத்துக்குரிய பத்திகளைத் தவறு என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை, ஒதுக்கிவிட்டார்கள். அந்த ஒதுக்குதல் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தரவை வீணாக்காமல் எல்லாவற்றையும் பயன்படுத்த வேண்டும் என்ற ஆசை இந்த வேலையில் எளிதில் வந்துவிடும். நிச்சயமில்லாததை விட்டுவிடுவது அங்கே லாபம்.

பிறகு வந்தவர்கள் இதைவிட எளிமையான விதிகளையும் கண்டார்கள். 2024இல் என்விடியா ஆய்வாளர்கள் சொன்ன ஒரு விதி இது. வேறொரு நல்ல மாதிரியிடம் சரியான பத்தியின் மதிப்பெண்ணைக் கேளுங்கள். அதில் 95 சதவீதத்துக்கு மேல் மதிப்பெண் பெறும் எதையும் தவறாக எடுக்காதீர்கள். சரியான பத்தி 0.80 என்றால், 0.76க்கு மேல் வரும் எல்லாம் விலக்கு. டென்சிங் கட்டுரை 0.79 பெற்றுத் தப்பித்துக்கொள்ளும். தாபெய் பத்தி 0.70 பெற்று உள்ளே வரும். எல்லாக் கேள்விகளுக்கும் ஒரே வெட்டு எல்லையை வைக்காமல், அந்தந்தக் கேள்வியின் சரியான பத்தியையே அளவுகோலாக்கியதுதான் இதன் நுட்பம். சில கேள்விகளுக்கு எல்லாப் பத்திகளுமே குறைந்த மதிப்பெண் பெறும். சிலவற்றுக்கு எல்லாமே அதிகம். நிலையான எல்லை ஓரிடத்தில் தாராளமாகவும் இன்னோரிடத்தில் கஞ்சத்தனமாகவும் வெட்டிவிடும். இதிலும் தப்புகள் நழுவும். சரியான பத்தியின் மதிப்பெண்ணே குறைவாக இருந்தால், இன்னொரு சரியான பத்தி எல்லைக்குக் கீழே விழுந்து தவறுகளுக்குள் புகுந்துவிடலாம்.

ஹார்டு நெகட்டிவ்களில் அழுக்கு சேர்ந்திருக்கிறது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஓர் அறிகுறி, பயிற்சிக்கும் சோதனைக்கும் இடையே வரும் முரண். பயிற்சிக் கேள்விகளில் இழப்பு சீராகக் குறைந்துகொண்டே போகும், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் தனியே எடுத்து வைத்த சோதனைக் கேள்விகளில் சரியான பத்தி கீழே கீழே போகும். மாதிரி எதையோ கற்கிறது, நமக்கு வேண்டியதைக் கற்கவில்லை என்று பொருள். இன்னொரு வழி, எந்த வரைபடமும் தேவையில்லாதது. ஹார்டு நெகட்டிவ்களில் ஐம்பதை எடுத்து, கேள்வியையும் பத்தியையும் பக்கத்தில் வைத்து ஒருவர் உட்கார்ந்து படிப்பது. விடை பத்தியில் இருக்கிறதா, இல்லையா? பாதிக்கு மேல் இருந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டுத் தரவைத் திருத்த வேண்டும். ஒரு மணி நேர வேலை. பல நாள் கணினிச் செலவை மிச்சப்படுத்தும்.

நன்றாகத் தேர்ந்தெடுத்த தவறுகளாலும் தீராத குறைகள் இருக்கின்றன. டிபிஆர், ஸ்குவாட் என்ற தொகுப்பில் பிஎம்25இடம் தோற்றது. அந்தத் தொகுப்பின் கேள்விகள், பத்தியைக் கண்முன் வைத்துக்கொண்டு எழுதப்பட்டவை. பத்தியின் சொற்களே கேள்வியிலும் வந்துவிடும், சொல் பொருத்தும் முறைக்கு அது சாதகம். அரிதான பெயர்களிலும் இதே தடுமாற்றம் உண்டு. அதிகம் அறியப்படாத ஒருவர் எங்கே பிறந்தார் என்று கேட்டால், வெக்டர் அந்தப் பெயரைத் துல்லியமாகப் பிடித்து வைத்திருக்காது. அதே தொழில் செய்த, அதே நாட்டைச் சேர்ந்த வேறொருவரின் பத்தியைக் கொண்டுவரும். பிஎம்25 அந்த அரிய பெயரை அப்படியே பிடித்துக்கொள்ளும். 2021இல் பல துறைத் தொகுப்புகளைச் சேர்த்து உருவாக்கிய பெயர் என்ற சோதனைத் தளத்தில், எம்எஸ் மார்கோ போன்ற ஒரே தொகுப்பில் பயிற்சி பெற்ற பல மாதிரிகள் மருத்துவம், அறிவியல் போன்ற புதிய துறைகளில் பிஎம்25ஐ முந்த முடியாமல் திணறின. நடைமுறையில் இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவது இதனால்தான் பரவலாகியிருக்கிறது.

தமிழுக்கு இப்படியொரு தேடுபொறியைப் பயிற்றுவிக்க நினைப்பவர்கள், முதல் ஹார்டு நெகட்டிவை எடுக்கும் இடத்திலேயே ஒரு தடையைச் சந்திப்பார்கள். பிஎம்25 சொல்லின் வடிவத்தைத்தான் பார்க்கிறது. ஆங்கிலத்தில் ‘எவரெஸ்ட்’ பெரும்பாலும் எவரெஸ்டாகவே இருக்கும். தமிழில் எவரெஸ்டின், எவரெஸ்டில், எவரெஸ்டுக்கு, எவரெஸ்டையும் என்று வேற்றுமையும் உம்மையும் ஒட்டிக்கொண்டே போகும். பகுதியைப் பிரித்தெடுக்காமல் பிஎம்25ஐ ஓட்டினால், இவை ஒவ்வொன்றும் அதற்கு வேறு வேறு சொல். தாபெய் பத்தியில் ‘எவரெஸ்டின்’ என்று இருந்து, கேள்வியில் ‘எவரெஸ்டை’ என்று இருந்தால், அந்தப் பத்தி மேலே வரவே வராது. ஏமாற்ற வேண்டிய பத்தி ஏமாற்றும் வாய்ப்பையே இழந்துவிடும். கடினமான தவறு என்று நாம் எடுப்பது உண்மையில் எளிதான தவறாக இருக்கும். எனவே தமிழில் முதலில் விகுதிகளை வெட்டும் கருவி ஒன்றைச் சேர்க்க வேண்டும். அல்லது தமிழும் தெரிந்த பன்மொழி மாதிரி ஒன்றை வைத்துத் தவறுகளை எடுக்க வேண்டும்.

இரண்டாவது வழியில் போனால், சலிப்பதற்கு நடுவர் வேண்டும். தமிழில் கேள்வியையும் பத்தியையும் ஒப்பிட்டு நம்பகமாகத் தீர்ப்புச் சொல்லும் நடுவர் மாதிரிக்கு, தமிழர்கள் படித்துக் குறித்த தரவு தேவை. வாட்டர்லூ பல்கலைக்கழகக் குழு முன்னின்று உருவாக்கிய மிராக்கிள் என்ற பன்மொழித் தேடல் தொகுப்பில் 18 மொழிகள் இருக்கின்றன. இந்தி, வங்காளம், தெலுங்கு மூன்றும் உண்டு, தமிழ் இல்லை. அந்தத் தொகுப்பின் சிறப்பு, சரியான பத்திகளை மட்டும் குறிக்காமல், அந்த மொழியைப் பேசுபவர்களே படித்துப் பார்த்து ‘இது விடை இல்லை’ என்று சொன்ன பத்திகளையும் வைத்திருப்பது. யாரும் படிக்காததால் தவறு என்று ஆனதற்கும், ஒருவர் படித்துவிட்டுத் தவறு என்று சொன்னதற்கும் இடையே 26க்கும் 36க்கும் உள்ள தூரம் இருக்கலாம் என்பதைப் பைடு ஆய்வு காட்டிவிட்டது. தமிழ் விக்கிப்பீடியாவிலிருந்து சில ஆயிரம் கேள்விகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பத்துப் பத்திகளைப் படித்து ஆம், இல்லை என்று குறிக்கும் வேலைக்குப் பெரிய ஆய்வகம் வேண்டாம். தமிழ் படிக்கத் தெரிந்த சிலரும், ஐயமுள்ள இடத்தில் ‘தெரியவில்லை’ என்று குறிக்க அவர்களுக்கொரு மூன்றாவது கட்டமும் இருந்தால் தொடங்கிவிடலாம்.